இரண்டாயிரத்து அறுநூறு

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை. கொல்கத்தாவின் வடக்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் உதவித்தொகைப் பிரிவு, அறிவிப்புப் பலகையில் ஓர் ஆணையை ஒட்டியது. முதல் ஆண்டை முடித்து மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வு மாணவர்களுக்கு நவம்பர் 1 முதல் அடிப்படைத் தொகை நாற்பதாயிரத்திலிருந்து நாற்பத்திரண்டாயிரமாக உயர்கிறது. விடுதி அறை கிடைக்காதவர்களுக்கு அதில் முப்பது சதவீதம் வீட்டு வாடகைப்படி.

பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஷாவோன்லி பாக்ராஷியின் பெயர் ஏழாவது, தீபாயன் சார்க்கேலின் பெயர் எட்டாவது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே வழிகாட்டி, ஒரே ஆய்வகம், அடுத்தடுத்த மேசை. ஷாவோன்லியின் வரிசையில் வாடகைப்படி என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு இருந்தது. தீபாயனின் கட்டத்தில் 12,600.

அவள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டாயிரம் ரூபாய் உயர்வு இருவருக்கும் பொது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இப்போதுதான் கணக்கு முழுதாகத் தெரிந்தது. அவளுக்கு உயர்ந்தது இரண்டாயிரம். அவனுக்கு இரண்டாயிரத்து அறுநூறு. அடுத்த ஆண்டும் இப்படித்தான், அதற்கடுத்த ஆண்டும். அடிப்படை ஏற ஏற, அதன் நிழல்போல அவனுடைய படியும் ஏறும்.

சேர்ந்த புதிதில் இது அவளை உறுத்தவில்லை. பெண்கள் விடுதியில் இடம் இருந்தது, ஆண்கள் விடுதியில் இல்லை. அவளுக்கு அறை கொடுத்தார்கள். அவனுக்கு, இடமில்லை என்று வார்டன் கையெழுத்திட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். அப்போது படி இருபத்தேழு சதவீதம், மாதம் பத்தாயிரத்து எண்ணூறு. அவன் பராநகரில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்து, கல்லூரியில் படிக்கும் தங்கையை ஊரிலிருந்து அழைத்துவந்து வைத்துக்கொண்டான். வாடகை ஒன்பதாயிரம். ஜனவரி முதல் அரசு ஊழியர்களுக்குச் சதவீதம் முப்பதாக ஏறியபோது இவர்களுக்கும் ஏறியது. ஏப்ரலில் நிலுவையும் சேர்த்து வந்தது. அந்த வாரம் தீபாயன் ஆய்வகத்துக்கு மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர் வாங்கிவந்தான். மண்சட்டியின் அடிவரை வழித்துச் சாப்பிட்டவள் ஷாவோன்லிதான். அன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கினாள்.

அவனுடைய புது மிதிவண்டியை எண்ணினாள். கேன்டீன் தேநீர் பிடிக்காமல் அவன் மேசையில் வாங்கிவைத்த டார்ஜிலிங் தேயிலைப் பொட்டலத்தை எண்ணினாள். வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் மீன்குழம்பை எண்ணினாள். விடுதி மெஸ்ஸில் அவளுக்குக் கிடைத்தது வாரம் மூன்று நாள் முட்டை. மதிப்பீட்டுக் குழு அவளுடைய அறிக்கையைத்தான் கூடுதலாகப் பாராட்டியது. அந்தப் பாராட்டுக்குச் சதவீதம் ஏதும் இல்லை.

அன்று மதியமே உதவித்தொகைப் பிரிவுக்குப் போனாள். எழுத்தர் நிர்மல் பாபு மதிய உணவு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். விடுதியைக் காலி செய்துவிட்டு வெளியே வீடு எடுத்தால் தனக்கும் படி வருமா என்று கேட்டாள்.

"வராதும்மா," என்றார் அவர். "இது வாடகை குடுக்குறவங்களுக்கு இல்ல, அறை கிடைக்காதவங்களுக்கு. உனக்கு அறை குடுத்தாச்சு. நீயா விட்டுட்டுப் போனா அது உன் இஷ்டம்."

"அப்ப தீபாயனுக்கு அறை கிடைச்சா?"

"எடுத்துக்கணும். வேண்டாம்னு எழுதிக் குடுத்தா படி நின்னுடும். அறையும் போச்சு, படியும் போச்சு." டப்பாவைப் பைக்குள் வைத்தார். "காத்திருப்புப் பட்டியல்ல அவன்தான் முதல் ஆளு. ஒரு வருஷமா முதல்லயே உக்காந்திருக்கான். ஆண்கள் விடுதில யாரும் காலி பண்ணவே மாட்டேங்குறாங்க. அதிசயம்தான்."

அது அதிசயம் இல்லை என்பது ஷாவோன்லிக்குத் தெரியும். ஆண்கள் விடுதியில் ஒரு பழக்கம் இருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அறையை உடனே ஒப்படைப்பதில்லை. கதவில் ஒரு பூட்டு தொங்கும், பலகையில் பெயர் இருக்கும், மாதக் கட்டணம் ஆயிரத்து இருநூறு ஒழுங்காகக் கட்டப்படும். கட்டுவது, காத்திருப்புப் பட்டியலின் தலையில் இருந்துகொண்டு வாடகைப்படி வாங்குகிறவன். அறை காலியாகாதவரை அவனுக்கு யாரும் அறை கொடுக்கமாட்டார்கள். இதற்கு 'பூட்டுக் காசு' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். இருநூற்றுப் பதினான்காம் எண் அறையின் தபோப்ரதோ லாஹா ஆகஸ்டிலேயே ஹைதராபாத் போய்விட்டான். அவனுடைய பூட்டுக் காசை தீபாயன் கட்டிவந்தான். துர்கா பூஜைக்கு முன் ஒரு மாலையில் இதைச் சிரித்துக்கொண்டே ஷாவோன்லியிடம் சொன்னதும் அவன்தான். நம்பிச் சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது. மறைக்கவேண்டிய விஷயமாக அவனுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த வாரம் வார்டன் அலோகேஷ் மைத்ரா இரண்டு விடுதிகளிலும் தங்கியிருப்பவர்களின் பட்டியலைக் கேட்டார். ஆண்டுதோறும் கேட்பதுதான். விடுதிக் குழுவில் அந்த ஆண்டு பட்டியலைத் தொகுக்கும் வேலை ஷாவோன்லியுடையது. ஆண்கள் விடுதிப் பிரதிநிதி அனுப்பிய தாளில் 214-க்கு நேரே 'தபோப்ரதோ லாஹா, தங்கியுள்ளார்' என்று இருந்தது. சென்ற ஆண்டுகளில் தொகுத்தவர்கள் வந்ததை வந்தபடியே ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

அவள் கணினியில் அந்த வரிசையை நிரப்பிவிட்டு, குறிப்பு என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். எல்லா வரிசைகளிலும் அது வெறுமையாக இருந்தது. அறைத்தோழி இலோரா கட்டிலில் படுத்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாவோன்லி அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அதனால உனக்கு ஒரு ரூபா கூடுமா?" என்று கேட்டாள் இலோரா.

"கூடாது."

"அப்புறம் என்ன?"

"பொய்யான பட்டியல்ல என் கையெழுத்து போடணுமா?"

இலோரா கைப்பேசியைக் கீழே வைத்தாள். "கையெழுத்தப் பத்திக் கவலைப்படுறவ நாலு நாளா ஏன்டி அவன் மீன்குழம்பப் பத்தியே பேசுற?"

ஷாவோன்லி கணினிப் பக்கம் திரும்பினாள். குறிப்புக் கட்டத்தில், 'ஆகஸ்டில் ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டார். தற்போது தங்கவில்லை' என்று தட்டினாள். ஒருமுறை அழித்தாள். கட்டம் காலியானதும் முப்பது சதவீதம் நினைவுக்கு வந்தது. மறுபடி தட்டி, அனுப்பினாள். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தது.

நவம்பர் 18 அன்று 214-இன் பூட்டைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு வாளி, பழைய நாட்காட்டி. மறுநாள் தீபாயனுக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. ஏழு நாளுக்குள் அறையை ஏற்கவேண்டும், மறுத்தால் வாடகைப்படிக்கு உரிமை இல்லை.

அவன் வார்டனைப் போய்ப் பார்த்தான். தங்கைக்கு இரண்டாம் ஆண்டுத் தேர்வு ஜூனில் முடிகிறது, அதுவரை அவகாசம் தரமுடியுமா என்று கேட்டான். வார்டன் உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, விதியில் தங்கைக்கு இடமில்லை என்றார். பூட்டுக் காசு பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தோண்டாமல் விடுவதே தன்னால் முடிந்த உதவி என்றும் சொன்னார்.

தீபாயன் ஆய்வகத்துக்கு வந்து தாளும் பேனாவும் எடுத்தான். விடுதிக்கு வந்துவிட்டால் தங்கையை வெளியே தனியார் பெண்கள் விடுதி ஏதாவது ஒன்றில் சேர்க்கவேண்டும், சாப்பாட்டோடு எட்டாயிரம். அவள் முந்தைய ஆண்டு அப்படி ஓர் இடத்தில் இருந்து இரண்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பியவள். வீட்டை வைத்துக்கொண்டால் ஒன்பதாயிரமும் அடிப்படையிலிருந்து போகும். வீட்டுக்கு மாதம் அனுப்பும் பதினைந்தாயிரத்தில் கைவைக்கவேண்டும். இதையெல்லாம் அடுத்த மேசையில் இருந்த ஷாவோன்லி பார்த்தாள். அவன் கழித்தல் போடும்போது எண்களை முணுமுணுக்கும் வழக்கமுள்ளவன்.

பேனாவை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"பட்டியல் தொகுத்தது நீதானே, ஷாவோன்?"

"ஆமா."

"குறிப்பும் நீதான் எழுதினியா?"

"இல்லாத ஆளை இருக்கான்னு எப்படி எழுதுறது?"

"சரிதான்." அவன் குரல் உயரவில்லை. "தபோப்ரதோ போனது ஆகஸ்ட்ல. உனக்கு நான் சொன்னது செப்டம்பர்ல. அப்பல்லாம் தூங்கிட்டு இருந்த உண்மை, ஆணை ஒட்டின பிறகுதான் முழிச்சுதா?"

"நீ ஊர்க் காசுல இடத்த அடைச்சு வெச்சிருந்த. அந்த அறைக்கு உனக்குப் பின்னால மூணு பேர் காத்திருக்காங்க."

"அந்த மூணு பேரும் அறை வேணும்னா கேட்டாங்க? அவங்களும் இந்தப் படியிலதான் ஓட்டுறாங்க. நான் வேண்டாம்னு எழுதினதும் கடிதம் அடுத்தவனுக்குப் போகும்." பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். "உனக்குப் படி கிடைக்கலன்னு சொல்லியிருந்தா மாசாமாசம் நானே ஒரு பங்கு குடுத்திருப்பேன். கேலி இல்ல, நெசமாதான்."

அது கேலி இல்லை என்று தெரிந்ததுதான் அவளுக்கு மேலும் எரிச்சலைத் தந்தது.

"உன்கிட்ட வாங்கவா நான் ஆய்வுக்கு வந்தேன்?" என்றாள்.

"இல்ல. என்கிட்ட இருக்கக்கூடாதுன்னு பாக்கத்தான் வந்திருக்க போல."

அவள் நுண்ணோக்கிக்குத் திரும்பினாள். அன்று பார்த்த மாதிரிகளின் அளவுகளை மறுநாள் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது.

நவம்பர் 25 அன்று தீபாயன் அறை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தான். நிர்மல் பாபு அதை வாங்கி முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்து, டிசம்பர் 1 முதல் வாடகைப்படி நிறுத்தம் என்று குறித்தார். கடிதம் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவனுக்குப் போனது. அவன் பெட்டியோடு வந்து 214-இல் குடியேறினான். அவனுடைய படியும் நின்றது. ஆண்கள் விடுதியில் ஷாவோன்லிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது.

டிசம்பரில் தீபாயன் வழிகாட்டியிடம் கேட்டு, தன் மேசையை மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு மாற்றிக்கொண்டான். தேயிலைப் பொட்டலத்தை எடுத்துப்போகவில்லை. இரண்டு நாள் கழித்து யாரோ அதை முடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு உதவித்தொகை வரவானது. ஷாவோன்லி பாக்ராஷியின் கணக்கில் நாற்பத்திரண்டாயிரம். தீபாயன் சார்க்கேலின் கணக்கில் நாற்பத்திரண்டாயிரம்.