ஒற்றைச் சொல் வரி

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் கம்பெனி. முதலாளி, மாப்பிள்ளை, ஓயாமல் கத்தும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். முதலாளி அவனுடைய அக்காவைக் கட்டியவர். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு டயர் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. படித்து முடித்து வேலை கிடைக்காமல் சும்மா இருந்தவனை வீட்டிலும் வைத்துச் சோறு போட்டு, கம்பெனியிலும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் மாமா. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே ஞாபகப்படுத்தத் தெரிந்தவர்.

ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் அட்டை அச்சடிக்கும் மென்பொருள்தான் அவர்கள் வியாபாரம். டாக்டர் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுவார். வார்டில் இருக்கும் சின்ன அச்சு இயந்திரம் அதைக் கையகலச் சுருள் காகிதத்தில் பெரிய எழுத்தில் அடித்துத் தள்ளும். நர்ஸ் அதைக் கிழித்துக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிடுவார். ஒரு வரிக்குப் பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. சொற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், அடுத்த சொல் கொள்ளாது என்றால் வரியை மடிக்க வேண்டும். இதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் மாமாவுக்கு வலது ஓரம் பல்லுப்பல்லாக இருப்பது ஆகாது.

"ரெண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி நிக்கணும் மாப்ள. பாத்தவுடனே பெரிய கம்பெனி சரக்குன்னு தோணணும்."

அதையும் மாப்பிள்ளை செய்து கொடுத்தான். வரியில் எத்தனை கட்டம் மிச்சம் இருக்கிறதோ அதைச் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளுக்குச் சமமாகப் பங்கு போடுவது. சமமாக வராமல் மீந்ததை இடது பக்கத்து இடைவெளியிலிருந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வருவது. கடைசி வரியை மட்டும் இழுக்காமல் அப்படியே இடதுபக்கம் விட்டுவிடுவது. அட்டை நிஜமாகவே அழகாக இருந்தது. அதை அவனே இரண்டு தடவை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

முதல் ஆஸ்பத்திரியில் செய்து காட்டப் போவதற்கு முந்தின நாள் அவன் எழுதிய நிரல் முரண்டு பிடித்தது. டாக்டர்கள் பத்திக்கு நடுவில் வெறும் வரி ஒன்றை விட்டால் உடனே நின்றுவிடும். வெறும் வரியில் இடைவெளி ஏது? மிச்சக் கட்டங்களைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டர்தான் வகுக்கும்? மாப்பிள்ளை ஒரே வரி எழுதினான். இடைவெளி பூஜ்யம் என்றால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வெறும் வரி போனால் யாருக்கு என்ன நஷ்டம்? காகிதம்தான் மிச்சம். மறுநாள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மாமா பிரியாணி வாங்கிக் கொடுக்காத குறையாகத் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு பல மாதம் ஒரு புகாரும் இல்லை. பிறகுதான் அந்தச் சாவு நடந்தது.

கட்டட வேலை செய்கிற ஒரு மனிதர், காலில் புண்ணோடு வந்து சேர்ந்தவர். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பு. டாக்டர் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆனாலும் வார்டு சிஸ்டர் பென்சிலின் ஊசி எடுத்திருக்கிறார். தோலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிற சோதனை ஊசிக்கே ஆள் மூச்சு முட்டிப் போய்விட்டார். அட்டையில் ஊசி போடச் சொல்லித்தான் இருந்தது என்று சிஸ்டர் அழுதார். அந்த அட்டையோ, சடலத்தை எடுத்துக் கட்டிலைக் கழுவியபோதே குப்பையோடு போய்விட்டது. சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீசில் கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு விசாரணை என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. கம்ப்யூட்டர் ஆள் ஒருவர் வரவேண்டுமாம்.

மாப்பிள்ளை, டாக்டர் எழுதியதை அப்படியே வாங்கி அறையிலிருந்த இயந்திரத்தில் அடித்துப் பார்த்தான்.

இவருக்குப் பென்சிலின் ஊசி கொடுக்கக்கூடாது. மாத்திரைகளைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கவும்.

டாக்டர் எழுதியது இது. அட்டையில் முதல் வரி 'இவருக்குப் பென்சிலின் ஊசி'. அடுத்த வரி 'மாத்திரைகளைக் காலையிலும்'. இரண்டு ஓரமும் கோடு போட்ட மாதிரி நின்றன.

கொடுக்கக்கூடாது என்ற சொல் நீளம். முந்தின வரியில் அதற்கு இடம் இல்லை. தன் வரியில் அடுத்த சொல்லைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் இல்லை. ஒற்றை ஆளாக ஒரு வரியில் நின்றுவிட்டது. ஒற்றைச் சொல்லுக்கு நடுவில் இடைவெளி ஏது? வெறும் வரி என்று நினைத்து நிரல் அதை விட்டுவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருந்ததோ தடங்கல் இல்லாமல் படிக்க வந்தது. இவருக்குப் பென்சிலின் ஊசி, மாத்திரைகளைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கவும்.

மாப்பிள்ளை அட்டையைக் கிழித்துக் கையில் எடுத்தான். ஒரு மனிதனைத் தான் கொன்றுவிட்டோம் என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மாமா அட்டையை வாங்கி மெதுவாகப் படித்தார். முகம் வெளுத்தது. ஆனால் பேசும்போது குரல் ஆடவில்லை.

"எத்தனை ஆஸ்பத்திரில ஓடுது இது?"

"எல்லாத்துலயும் இதுதான் மாமா."

"அப்போ முதல்ல சரி பண்ணு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். இன்னொரு உயிர் போகணுமா?"

அதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்து திருத்தினான். ஒரே சொல் என்றால் இழுக்காதே, இடதுபக்கம் அப்படியே அடி. வெறும் வரி என்றால் மட்டும் விடு. எழுத மூன்று வரிகூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டான். அனுப்பியது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மாமா எழுந்து, பழைய நிரலைத் தன் கையாலேயே அழித்தார்.

"மாமா!"

"உங்கக்காவுக்கும் பிள்ளைங்களுக்கும் இதுதான்டா சோறு. நான் ஜெயிலுக்குப் போனா உனக்கு நிம்மதியா?"

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினான். அன்று அக்கா பரிமாறியதை அவன் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் ஒரு நர்ஸ் போவாள், பேசினால் அக்கா தெருவுக்கு வருவாள். யார் போனால் பரவாயில்லை என்று எடை போட்ட தன் புத்தியைத் தானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

விசாரணை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சாமான் அறையைக் காலி செய்து மேஜை போட்ட இடத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் கண்டிப்பான முகத்தோடு ஓர் அதிகாரி. எதிரே சிஸ்டர், நடுவயது, அழுது முடித்த கண். மாமா சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"டாக்டர் எழுதினதை இப்ப என் முன்னாடி அடிங்க" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை அடித்தான். இயந்திரம் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. இரண்டாவது வரியில் அந்தச் சொல் தனியாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அதிகாரி அதைக் கிழித்துச் சிஸ்டர் முன்னால் வைத்தார்.

"படிங்க."

சிஸ்டர் படித்தார்.  மறுபடியும் படித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இதைப் பாக்கலை சார். இருந்திருக்கும். நான்தான் அவசரத்துல விட்டுட்டேன் போல. அந்த ஆளு தண்ணி கேட்டாரு, நான் ஊசிய ரெடி பண்ணிட்டு வரேன்னு சொன்னேன். நான்தான் சார் கொன்னுட்டேன்."

மாமா கண்ணாலேயே மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை நின்றுகொண்டே இருந்தான். சிஸ்டர் மறுத்திருந்தால், சத்தம் போட்டிருந்தால், ஒருவேளை அவன் உட்கார்ந்திருப்பான். செய்யாத கொலையை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதைத்தான் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், அவங்க பாத்த அட்டைல இந்த வரி இல்ல. இதை நான் நேத்துதான் சரி பண்ணினேன்."

மாமா எழுந்துவிட்டார். "சார், பையனுக்கு மனசு சரியில்ல. சாவு விஷயம்னதும் பயந்துட்டான்."

மாப்பிள்ளை கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, நேற்று எழுதியதை எடுத்துவிட்டு, பழைய வரியை மறுபடி எழுதி அடித்துக் காட்டினான். அந்தச் சொல் காணாமல் போயிற்று. அதிகாரி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது இப்ப நீங்க என் கண்ணு முன்னாடி எழுதினது. இப்படி எழுதினா எதை வேணும்னாலும் காணாமப் பண்ணலாம். அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படி நம்புறது? பழசு இருக்கா?"

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தான். மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார். அப்போதுதான் சிஸ்டர் நிமிர்ந்தார்.

"நேத்துதான் சரி பண்ணீங்களா?"

"ஆமா சிஸ்டர்."

"நேத்துக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் கட்டில்ல அப்படியேதானே தொங்குது? டாக்டர் மாத்தினாத்தானே நாங்க புதுசு அடிப்போம்?"

மாப்பிள்ளை எல்லாவற்றையும் திருத்திவிட்டதாக நினைத்திருந்தான். திருத்தியது கம்ப்யூட்டரை மட்டும்தான். தொங்குகிற அட்டைகள் அவன் நினைவுக்கே வரவில்லை.

சிஸ்டர் எழுந்து மேலே வார்டுக்குப் போனார். அவர் அங்கே வரக்கூடாது என்று உத்தரவு. அதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கட்டில் கட்டிலாக அட்டையைப் படித்துக்கொண்டே நடந்தார். அதிகாரியும் மாப்பிள்ளையும் பின்னால் போனார்கள். சன்னலோரக் கட்டிலில் நின்றார். கையில் குளுக்கோஸ் ஏற, தள்ளிப்போன வயிற்றுப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் ஒரு பெரியவர். அட்டை இப்படி இருந்தது: 'தண்ணீர் உணவு எதுவும்', 'பரிசோதனைக்குப் பின் பால்', 'கொடுக்கலாம்'. மூன்றே வரி; கடைசி வரியை இழுப்பதில்லை என்பதால் ஒற்றைச் சொல் அதில் மட்டும் தப்பியிருந்தது. அச்சடித்த தேதி அந்தச் சாவுக்கு முந்தின நாள்.

அதிகாரி டாக்டரின் குறிப்பை வரவழைத்துப் பார்த்தார். 'எதுவும்' என்பதற்கு அடுத்து 'கொடுக்கக்கூடாது' இருந்தது. அவர் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு அட்டையைக் கழற்றிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

"இவருக்கு ஏதாவது கொடுத்தீங்களா?" என்று வார்டிலிருந்த இன்னொரு நர்ஸைக் கேட்டார்.

"இல்ல சார். படிச்சா அர்த்தமே வரலை. தண்ணீர் உணவு எதுவும்னா என்ன? அதான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

மாப்பிள்ளை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாமா இனி தப்பமாட்டார். அக்காவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் ஒரு பாரம் இறங்கியது உண்மைதான். சிஸ்டரிடம் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று திரும்பினான்.

சிஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். தப்பித்துவிட்டோம் என்ற ஆறுதல் அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"இவருது தாறுமாறா இருந்துச்சு, அந்தப் பொண்ணு டாக்டரைக் கேட்டுச்சு, இவரு பொழைச்சாரு" என்றார். "என்னோடது மட்டும் ஏன் தம்பி அவ்வளவு நல்லா படிக்க வந்துச்சு?"