எல்லாரும் தினேஸ்வரி

மலேசியாவில், குனோங் ராபாட்டில் வீட்டிலேயே சேலை விற்கும் கனகராஜ், வாடிக்கையாளர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்தான். "அக்காமாரே, புது செமி பட்டு வந்தாச்சு! நூத்திருபது வெள்ளி. ஒரே விலைலா!" பதிவை நிறுத்தாமலே மனைவியிடம், "தினேஸ்வரி அக்காவுக்கு மட்டும் தொண்ணூறு. அவங்க வாய்க்கு நம்மால முடியாது," என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினான். அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

பதில்கள் குவிந்தன. "தம்பி, தினேஸ்வரி பேசுறேன்," என்றாள் பிரமிளா. "நானும் தினேஸ்வரிதான்," என்றது லியாகத் அலியின் கட்டைக்குரல்.

உண்மையான தினேஸ்வரி மட்டும் வாயே திறக்கவில்லை. அவனிடம் முதல் சேலை வாங்கியவள் அவள். கனகராஜ் அவள் வீட்டுக்கே ஓடினான்.

"கோவமாக்கா?"

"டீ குடி."

"கோவமா?"

"என்ன கலரு இருக்கு?"

"அக்கா!"

"கோவந்தான்டா. என் வாய்க்குத் தொண்ணூறா? எண்பதுக்குக் குடு!"