அறுபது ஆடுகளும் ஒரு நிறுத்தமும்

மேச்சேரியில் ஆடு வளர்ப்போருக்கான பயிற்சி. பேச வந்திருந்த உண்ணாமலை கடைசி நாற்காலியில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளை அறிமுகப்படுத்த வேண்டியவள் பயிற்சி மையத்து ஊழியர் கலைமணி.

காகிதத்தில் அழுத்த வேண்டிய சொற்களுக்கு அடிக்கோடும், நிறுத்த வேண்டிய இடங்களில் சாய்கோடும் நேற்றே போட்டிருந்தாள். மைக்கைப் பிடித்ததும் எல்லாம் பறந்துவிட்டது. ரேசன் கடையில் பேர் கூப்பிடுவதுபோல ஒரே இழுப்பாக வாசித்தாள். "...ஆட்டுக்கொல்லி நோயில் ஒரே வாரத்தில் அறுபது ஆடுகளை இழந்தவர் தடுப்பூசி முகாம்..." பாதிப் பேர் போனில் மூழ்கியிருந்தார்கள்.

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள். கலைமணிக்குச் சுருக்கென்றது. ஒருத்தியின் அறுபது ஆடுகளைத் தேதி வாசிப்பதுபோல வாசித்திருக்கிறோமே!

நிறுத்தினாள்.

"மைக் போயிருச்சுங்களா?" என்றார் பின்வரிசையில் ஒருவர், போனிலிருந்து தலைதூக்கி.

கலைமணி காகிதத்திலிருந்த சாய்கோட்டைப் பார்த்தாள். மனதுக்குள் மூன்று எண்ணினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே வாரத்தில்..." சாய்கோடு. "அறுபது ஆடுகள்."

போன்கள் மடிக்கு இறங்கின.

"மறு வருசம் பட்டி முழுக்கத் தடுப்பூசி போட்டார். அதற்குப் பிறகு அந்த நோயில்" என்று குரலை உயர்த்தினாள், "ஒரு குட்டிகூடச் சாகவில்லை." கொஞ்சம் பொறுத்து, பெயரை மட்டும் தனியாக, நிதானமாகச் சொன்னாள். "உண்ணாமலை அம்மா."

கைதட்டல் ஓய்ந்தது. உண்ணாமலை மைக்கைப் பிடித்தாள். வாயைத் திறக்க முடியாமல் வெகுநேரம் நின்றாள்.

இந்த முறை மைக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.