இரண்டு காலி நாற்காலி

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பால் பாக்கெட் வந்தால் தேதி பார்ப்பாள். அக்கா "சாப்பிட்டாச்சு" என்றால் கழுவப் போட்ட தட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். "நீ ஆடிட்டராகாம வேற என்னடி ஆவே" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இரும்புக்கடையில் பில் போட்டுச் சம்பாதித்து, இவள் படிப்புக்குப் பணம் கட்டியது அந்த அக்காதான்.

ஆடிட்டர் படிப்பின் நடுக்கட்டப் பரீட்சையில் ஒரு குரூப் பாடங்கள் தேறிவிட்டாள். இன்னொரு குரூப் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஒன்று தேறினாலே ஆடிட் ஆபீசில் ஆர்டிகிள்ஷிப் பயிற்சிக்குச் சேரலாம், மற்றதை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம் என்பது விதி. மூன்றாவது தடவை நவம்பரில், அதற்கு இன்னும் அரை வருஷம் இருந்தது. "இதுவும் போச்சுன்னா எங்க கடைக்கே வந்துடு, ரெண்டு பேரும் சேர்ந்து ஆணி நிறுக்கலாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

ஆக, அவளுக்கு வேண்டியது பரீட்சை லீவு. ஆபீசில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம். நடுவில் வேறு இடத்துக்குப் போக வேண்டுமானால் பழைய ஆடிட்டரே மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டு விடவேண்டும். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்.

முந்தாநாள் பார்த்த ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படியில் பல்பு இல்லை. அங்கிருந்த அம்மா, ஐம்பது வயசிருக்கும், முகத்தில் அடித்த மாதிரி பேசினார். "மாசா மாசம் கொடுக்கற ஸ்டைபெண்ட் கம்மிதான். கிளையண்ட்டும் சின்னச் சின்ன ஆளுங்க, ஒரு அச்சகம், ஒரு ஸ்கூல், நாலு கடை. ஆனா கணக்கு எழுதறதுலேருந்து வரி ரிட்டர்ன் போடற வரைக்கும் எல்லாம் உன் தலையிலதான். பரீட்சைக்கு முன்னாடி எழுபத்தஞ்சு நாள் வராதே. மத்த நாள்ல லீவுன்னு வந்து நிக்காதே."

அறையில் நாலு மேஜை. இரண்டில் ஆள் இருந்தது, இரண்டு நாற்காலி காலி. ஓடிப்போயிட்டாங்க போல, என்று பூதக்கண்ணாடி மனசுக்குள் குறித்துக்கொண்டாள். இவ்வளவு கடுகடுப்பாகப் பேசினால் யார்தான் தங்குவார்கள்?

இன்றைக்கு வந்திருப்பது பெரிய ஆபீஸ். நாலு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் பித்தளைப் பலகை. பேரைச் சொன்னாலே பயிற்சி வகுப்பில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். ஸ்டைபெண்ட் அங்கே கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. பார்ட்னர் தேன் ஒழுகப் பேசினார்.

"லீவா? அதைப் பத்திக் கவலையே படாதீங்கம்மா. நாலு மாசம். இங்க எல்லாருக்கும் கிடைக்கும்."

ஒப்பந்தத் தாள்கள் மேஜைமேல் தயாராக இருந்தன. அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் திறக்கவில்லை. நாலு மாசமா? அங்கே அந்த அம்மா எழுபத்தஞ்சு நாளுக்கே அவ்வளவு கறாராகப் பேசினாரே. இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு தாராள மனசு?

"சார், இங்க இருக்கற ட்ரெய்னீங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"தாராளமா."

மேனேஜர் கூட்டிக்கொண்டு போனார். பெரிய ஹால், வரிசை வரிசையாக மேஜை, ஒரு இடம் பாக்கியில்லாமல் தலைகள். முதல் ஆளிடம் கேட்டாள், பரீட்சை லீவு எப்படி என்று. "கிடைக்கும்" என்றான். அடுத்தவளிடம் கேட்டாள். "கொடுப்பாங்க." மூன்றாவது ஆள் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதெல்லாம் பிரச்சினை இருக்காது" என்றான்.

கிடைக்கும், கொடுப்பாங்க, இருக்காது. கிடைச்சுது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லையே.

மேனேஜருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். மூலை மேஜையில் ஒரு பெண் வங்கிக் கணக்கைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நீங்க எந்த வருஷம்?"

"மூணாவது."

"இன்னும் பேங்க் டிக்கா?"

"பெரிய கிளையண்ட் இல்லையா. ஒருத்தருக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. எனக்கு பேங்க்." குரலில் கோபம்கூட இல்லை.

பூதக்கண்ணாடியின் கண் சும்மா இருக்குமா? ஆடிட் ஃபைலின் அட்டை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. உள்ளே இருந்தது ஃபைல் இல்லை, பரீட்சைப் புத்தகம். பக்கம் மடக்கி, மஞ்சள் கோடு போட்ட புத்தகம். அவளிடமும் அதே பதிப்பகத்துப் புத்தகம் இருந்தது.

"உங்களுக்குப் பரீட்சை எப்போ?"

அந்தப் பெண் மென்று முழுங்கினாள். "பதினெட்டு நாள்ல."

"அப்போ லீவு?"

"கேட்டிருக்கேன். கிளையண்ட் வேலை முடியட்டும்னாங்க." ஃபைல் அட்டையை அமுக்கி மூடினாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நான் பயிற்சி முடிச்சேன்னு பார்ட்னர்தான் ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்."

பூதக்கண்ணாடி நிமிர்ந்து ஹாலைப் பார்த்தாள். பரீட்சைக்குப் பதினெட்டு நாள். ஒரு நாற்காலி காலியில்லை.

பிறகுதான் முந்தாநாள் பார்த்த இரண்டு நாற்காலி ஞாபகம் வந்தது. அடி அசடே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்படக் கூடாததைச் சந்தேகப்பட்டிருந்தாள்.

பார்ட்னரிடம் வந்து, "நாலு மாச லீவுன்னு இந்தத் தாள்லயே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க சார், கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். அவர் சிரித்தார். "நம்பிக்கைதாம்மா முக்கியம்." அவளும் சிரித்து, பேனாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அக்கா கொதித்தாள். "பாதிப் பணமா? அந்தப் பேர் கிடைக்காதான்னு ஊரே தவம் கிடக்கு, நீ வேண்டாம்னு வந்திருக்கே?" ராத்திரி பேசாமலே படுத்தாள். காலையில் பஸ்ஸுக்குச் சில்லறையை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அது ரொம்பவே வலித்தது.

மருந்துக்கடை மாடியில் இன்னும் பல்பு போடவில்லை. அந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வந்துட்டியா. அந்த ஓரத்து நாற்காலியில உக்காரு. அது வேற பொண்ணோடது. பரீட்சை எழுதிட்டு அடுத்த மாசம் வருவா, அப்போ எழுந்துடணும்."

"அவங்க எப்பலேருந்து லீவு மேடம்?"

"ரெண்டு மாசமாச்சு. ஏன், நம்பிக்கை இல்லையா?"

பூதக்கண்ணாடி நாற்காலியின் கைப்பிடியில் விரலை வைத்து இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நல்ல கனமான தூசி. ரெண்டு மாசம் சரியாகத்தான் இருந்தது.

விரலைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தாள்.