கழுத்து நிழல்

நாத்தனாரின் கீழுதடு மரத்துப்போகத் தொடங்கிய பிறகுதான் பல் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று கடித்தபடி நிற்கும் பைட்விங் எக்ஸ்ரே திரையில் அப்படியே இருந்தது. கீழ்வரிசையில், பெரிய கடைவாய்ப் பல்லுக்கு முந்திய சிறு பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டிய ஒடுங்கிய பகுதியில், ஒரு கருமை. அதைச் சொத்தை என்றுதான் சொல்லியிருந்தாள். ஊசியும் போட்டாயிற்று.

"அண்ணி, உதடு இருக்கா, கழட்டி எங்கேயாவது வச்சுட்டீங்களா?"

"இருக்கு. கொஞ்சம் பேசாம இரு."

"பயந்தா எனக்கு வாய் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அம்மாவுக்கும் கழுத்துலதானே ஆரம்பிச்சுது?"

மாமியாருக்கு ஒரு சொத்தை கூட இருந்ததில்லை. பற்களைப் பிடித்திருந்த எலும்புதான் இறங்கிப் போனது. ஐம்பது வயதுக்குள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. அடுத்தது தன் முறை என்று நாத்தனார் நம்பினாள். காலையில் எழுந்ததும் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்ப்பாள். இதை அவள் சொல்லியிருந்தது அண்ணியிடம் மட்டும்தான்.

டாக்டர் துளையிடும் கருவியைக் கையில் எடுத்தாள். பிறகு சத்தமில்லாமல் தட்டில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவியாளர் எச்சில் உறிஞ்சும் குழாயுடன் காத்திருந்தார்.

அந்தக் கருமை எனாமல் முடிகிற இடத்தில் தொடங்கி, எலும்பு தொடங்குகிற இடத்தில் நின்றது. பக்கத்துப் பல்லின் கழுத்திலும் அதே கருமை, கொஞ்சம் மங்கலாக. எலும்பின் விளிம்போ எனாமலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே, வெள்ளைக் கோடாகத் தெளிவாக இருந்தது. எலும்பு இறங்கவில்லை. ஈறும் விலகவில்லை. மூடியிருக்கிற வேரில் சொத்தை எப்படி வரும்?

முனை கூர்மையான கருவியால் அந்த இடத்தை மெல்லத் தடவினாள். வழவழப்பாக, கெட்டியாக இருந்தது. எங்கும் சிக்கவில்லை.

கழுத்தில் எனாமலும் இல்லை, சுற்றி எலும்பும் இல்லை. அந்த ஒடுங்கிய இடத்தைக் எக்ஸ்ரே கதிர்கள் சுலபமாகக் கடந்து, படத்தில் கருமையாக விழும். நல்ல பல்லே அங்கே சொத்தை போலத் தெரியும். பரீட்சையில் இதைச் சரியாக எழுதியிருந்தாள். இன்றைக்கு மாமியாரின் வாயை நினைத்துக்கொண்டே படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"இன்னொரு படம் எடுக்கலாம்," என்றாள். "கோணத்தைக் கொஞ்சம் மாத்தி."

"அவ்வளவு மோசமா அண்ணி?"

டாக்டர் மறுபடி திரையைப் பார்த்தாள். முதல் படத்தில் மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிந்தன. அவற்றின் நடுவே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. அதையும் அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

உதவியாளர் படம் பிடிக்கும் சென்சாரை வாய்க்குள் வைத்தார். "மெதுவா கடிங்கம்மா. உதட்டைக் கடிச்சிடாதீங்க."

"கடிச்சாலும் எனக்கா தெரியப் போகுது?"

புதிய படம் திரையில் வந்தது. கீழ்ப் பல்லின் கருமையைக் காணோம். மேல்வரிசையில் அந்த இரண்டு பற்களும் இப்போது விலகி நின்றன. அவை தொட்டுக்கொள்ளும் இடத்தை ஒட்டி, ஒன்றின் எனாமலில் ஒரு சிறு கரு முக்கோணம். அது எனாமலைத் தாண்டி, அடியில் பரவியும் இருந்தது. இது நிஜமான சொத்தை.

டாக்டர் நாற்காலியை நிமிர்த்தினாள். முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"கீழ்ப் பல்லுல ஒண்ணுமில்ல. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

நாத்தனார் கீழுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ இந்த உதடு?"

"வீணா மரத்துப்போச்சு. சொத்தை மேல் பல்லுல இருக்கு."

"அது மட்டும் சரின்னு எப்படி நம்பறது?"

டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, மறைந்துபோன நிழலையும் புதிதாகத் தெரிந்த முக்கோணத்தையும் காட்டினாள். நாத்தனார் இரண்டையும் விட்டுவிட்டு, கோணிய வாயுடன் கேட்டாள்.

"எலும்பு?"

"இதோ இந்த வெள்ளைக் கோடு. ரெண்டு படத்துலயும் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"இதையும் தப்பா பாத்திருந்தா?"

டாக்டர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறின் ஆழத்தை அளந்தாள். ரெண்டு, மூணு, ரெண்டு என்று அவள் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். நல்ல ஈறுக்கு இருக்க வேண்டிய மூன்று மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் போகவில்லை.

நாத்தனாரின் கன்னம் உள்ளிருந்து அசைந்தது.

"என்னடி பண்றே?"

"ஆடுதான்னு பாக்கறேன். நாக்கும் மரத்திருக்கு, ஒண்ணும் தெரியல."

"தெரிய வேண்டாம். விடு."

நாத்தனார் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினாள். "மேல ஊசி போடுங்க அண்ணி. ஆனா படத்தை இன்னொரு தடவை பாத்துட்டு."

டாக்டர் ஊசியைத் தொடாமல், திரையின் பக்கம் திரும்பினாள்.