கன்னத்தில் வைத்துப் பார்த்த துணி

எங்கள் உடுப்புக் கடையில் முதன்முதலாகச் சாமான் வாங்குகிற ஆளுக்கு என் புருஷன் நஸீம் கையால் ஒரு துண்டுக் கடதாசி எழுதிப் பொதிக்குள் வைப்பார். அதற்காக நான் அவரோடு பட்ட சண்டைக்குக் கணக்கில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம். பாதை திறந்து, கல்முனைக் கடைத்தெருவுக்கு மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்தும் சனம் வரத் தொடங்கிய காலம். சொறிக்கல்முனையில் இருந்து வயல்காரர் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். நான் துணி வெட்டிக்கொண்டு, விலை சொல்லிக்கொண்டு, வாய் நோக நிற்பேன். அவர் கல்லாவில் இருந்து பேனையும் கையுமாக யோசிப்பார்.

"அச்சுக்கூடத்தில குடுத்தா ஆயிரம் அட்டை அடிச்சுத் தருவாங்க. 'உங்கள் வருகைக்கு நன்றி, மீண்டும் வருக' எண்டு போட்டா முடிஞ்சிது" என்றேன் ஒருநாள்.

"அது ஆருக்கு எழுதினது?" என்று கேட்டார்.

"வாற எல்லாருக்கும்."

"அப்ப ஒருத்தருக்கும் இல்ல."

இப்படிக் கதைக்கிற மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவருக்கென்று சட்டதிட்டம் இருந்தது. மேலே ஆளின் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது நோட்டீஸ், கடிதமில்லை என்பார். பிறகு, அந்த ஆள் கடைக்குள் செய்த அல்லது சொன்ன ஒன்று. அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றாக அது இருக்க வேண்டும். மூன்று நாலு வரிக்கு மேலே போகக் கூடாது. திரும்பி வாருங்கள் என்று எழுதவே மாட்டார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வியாபாரத்துக்குக் கை நீட்டினால் அந்த நன்றி செத்துப்போகும் என்பது அவர் கட்சி. விலையில் கழிவு தருகிறேன் என்பதும் இல்லை. கடைசியில் தன் பெயர்.

பெயர் கேட்கிற விதமும் தனி. பில் எழுதும்போது, "ஆர்ர பேருக்குப் போட?" என்பார். ஆட்கள் சொல்லிவிடுவார்கள். நான் துணி மடிக்கிற நேரத்துக்குள் எழுதி முடித்து, துணி மடிப்புக்குள் செருகிவிடுவார். வீட்டுக்குப் போய்ப் பொதி அவிழ்த்தால்தான் தெரியும்.

ஒரு சோம்பேறி வேலை என்று நான் ஏசினாலும், அது பலித்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கடைவாசல் மிதிக்கத் தயங்கிய தமிழ்ச் சனம் துண்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை வந்தது. அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரெல்லாம் வந்தால் கை ஒடியுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்றேன். ஒடியட்டும் என்றார்.

அப்படி ஒரு நாள் அன்னப்பிள்ளை அக்கா வந்தார். கடற்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். தங்கச்சியின் பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்க இளநீலத்தில் பருத்தித் துணி கேட்டார். நான் நாலைந்து துணிக் கட்டுகளை விரித்துப் போட்டேன். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அதைத்தான் வெட்டச் சொன்னார்.

அவர் போன பிறகு, "என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன். நஸீம் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்:

'அன்னப்பிள்ளை அக்காவுக்கு, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்கினீர்கள். குழந்தையின் தோலுக்காக இப்படிப் பார்த்து வாங்கியவரை எங்கள் கடையில் நான் கண்டதில்லை. இனி நாங்களும் அப்படிப் பார்த்துத்தான் துணி எடுப்போம். நன்றி. நஸீம்.'

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல? அடுத்த தடவை கொழும்புக்குத் துணி எடுக்கப் போனபோது நானே கட்டுக் கட்டாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அந்தப் பயணம் முடிந்து நான் கடைக்கு வந்த அன்று அன்னப்பிள்ளை அக்கா மறுபடி வந்தார். கையில் அந்தத் துண்டு இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. சாயம் போய்விட்டது போல, சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, இத எழுதின ஆர்?"

"எங்கட வீட்டுக்காரர்தான். ஏன் அக்கா, துணியில ஏதும் குறையா?"

அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்து, அதற்குள் இருந்து பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிஸ்கட் பெட்டியில் கிழித்த மட்டைத் துண்டு. அதை விரித்து, எங்கள் துண்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்.

மட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'பெயர் —. பெண் பிள்ளை. ஏழு வயதிருக்கும். நீலச் சட்டை. இரட்டைப் பின்னல், பின்னல் அவிழவில்லை. ஆரோ கவனமாக வாரிவிட்ட பிள்ளை.'

அவர் விரல் மட்டையில் இருந்த ழ-வைத் தொட்டது, பிறகு எங்கள் துண்டில் இருந்த ழ-வைத் தொட்டது. இரண்டின் வாலும் அடுத்த எழுத்துக்குக் கீழே நீண்டு போய்ச் சுருண்டிருந்தது. என் புருஷனைத் தவிர இந்த ஊரில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

சுனாமியில் கடல் பொங்கிய வருஷம் எங்களுக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. அந்த நாட்களில் அவர் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று நான் கேட்டதுண்டு. "மற்றவங்களோட நிண்டன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை.

உள்ளே ஆண்கள் உடுக்கிற சாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். வந்தார். மட்டையைப் பார்த்தார். கையில் இருந்த சாரம் ஒவ்வொன்றாக நிலத்தில் விழுந்தது. அதை அவர் குனிந்தும் பார்க்கவில்லை.

"இது உங்களுக்கு எப்படி அக்கா?"

"செத்த ஆக்களக் கொண்டுவந்து கிடத்தின பள்ளிக்கூடச் சுவரில இருந்து நான்தான் பிச்சி எடுத்தன்" என்றார் அன்னப்பிள்ளை அக்கா. "கால் முறிஞ்சி என்ன அம்பாறை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிற்றாங்க. நான் வரக்குள்ள எல்லாரையும் அடக்கி முடிஞ்சிது. மட்ட மட்டும் சுவரில இருந்திச்சி. எங்க அடக்கின எண்டு கேட்டன், ஒருத்தருக்கும் தெரியல்ல. எழுதின ஆர் எண்டும் தெரியல்ல. நீலச் சட்டையும் ரெட்டப் பின்னலும் எத்தின புள்ளைகளுக்கு இருக்கும் தம்பி? இது என்ட மகள்தானா இல்லையா எண்டு நான் இண்டைக்கும் ராவில எழும்பி இருந்து யோசிக்கிறன். அவ எங்கயும் உசிரோட இருக்காவோ எண்டு வாற போற புள்ளைகள்ற முகத்தயெல்லாம் பாக்கிறன். நீங்க அவவக் கண்ணால கண்டீங்களே. சொல்லுங்க."

நஸீம் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் உங்களிட்ட ஒண்டு கேக்கணும். குறை நினைக்கப்படா" என்றார். "அண்டைக்குப் புள்ளையத் தேடி வந்த தாய்மார் எந்தப் புள்ளையக் கண்டாலும் என்ட புள்ள, என்ட புள்ள எண்டு தூக்கினாங்க. அவங்களில பிழை இல்ல. அதால நான் எந்த மட்டையிலயும் எல்லாத்தயும் எழுதல்ல. ஒண்ட மட்டும் எழுதாம மனசில வெச்சிருந்தன். வந்து கேக்கிறவங்க அதச் சொன்னாத்தான் குடுப்பம். இந்தப் புள்ளையக் கேட்டு ஒருத்தரும் வரல்ல. அந்த ஒண்டு இன்னும் என்னிட்டத்தான் கிடக்குது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். துண்டு எழுதும்போது அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றை ஏன் அப்படித் தேடித் தேடி எழுதுகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதைப் போய் வியாபாரத் தந்திரம் என்று நினைத்திருந்தேனே.

"காதில என்ன கிடந்தது அக்கா?" என்று கேட்டார்.

வாசலில் துணி பார்க்க வந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அன்னப்பிள்ளை அக்கா நஸீமின் முகத்தைப் பார்த்தார். சொன்னால் எது முடிந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்று வந்தால் பிள்ளையைத் தேடிக்கொண்டே இருக்கலாம். ஓம் என்று வந்தால் இனித் தேட ஏலாது. தன் வலது காதைத் தொட்டுக்கொண்டார்.

"ஒரு தோடு துலஞ்சி போச்சி. விளையாடக்குள்ள. ஓட்ட தூந்து போகும் எண்டு நான்தான் வேப்பங்குச்சி முறிச்சிப் போட்டன். வலக் காதில குச்சி. இடக் காதில தோடு."

நஸீம் மட்டையை ஒருதரம் தடவினார். பிறகு, "ஓம் அக்கா" என்றார். அவ்வளவுதான்.

அன்னப்பிள்ளை அக்கா அழுவார் என்று நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். அவர் அழவில்லை. மேசையில் இருந்த மட்டையை ஆரோ புதிதாகத் தந்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்குள் அவர் கை ஐஸ் போலக் கிடந்தது.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எங்கட மையவாடியில, முஸ்லிம் ஆக்கள அடக்கிற இடத்தில. புள்ள ஆர், என்ன சமயம் எண்டு ஒண்டும் தெரியா. வேற இடமும் இருக்கல்ல. மதில் ஓரத்தில வெச்சம். உங்களுக்கு அது..."

"போவம்" என்றார் அக்கா.

ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு நஸீம் மையவாடிக்குப் போய் வருவது எனக்குத் தெரியும். அவருடைய வாப்பா அடங்கியிருப்பது பாலமுனையில். இங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கடைக் கதவை நடுப்பகலில் இழுத்துப் பூட்டினேன். பெருநாள் வியாபாரக் காலம். எதிர்க்கடைக்காரர், ஆரும் மௌத்தாப் போயிற்றாங்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நானும் போனதில்லை. படலையடியில் அன்னப்பிள்ளை அக்கா நின்று என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனேன். ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

மதில் ஓரத்தில் சின்ன மண்மேடு. தலைமாட்டில் கல் இருந்தது, அதில் எழுத்தில்லை. சுற்றிவரப் புல் பிடுங்கித் துப்புரவாகக் கிடந்தது.

அக்கா முறிந்த காலை மடக்க ஏலாமல் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார். மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, கன்னத்தை அதில் வைத்தார். நஸீம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

"அண்டைக்கு என்ன சொல்லி வெச்சீங்க தம்பி?" என்று அவர் அப்படியே கிடந்தபடி கேட்டார்.

"பேர் தெரியாதே அக்கா. எங்கட புள்ள எண்டு சொல்லித்தான் துஆ ஓதினம்."

அக்கா எழும்பி இருந்தார். கன்னத்தில் மண். பொலித்தீனைப் பிரித்து மட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். 'பெயர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு மட்டும் கிடந்தது.

"தக்சாயினி" என்றார். "எழுதுங்க."

நஸீம் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, மட்டையை முழங்காலில் வைத்து எழுதினார். அந்தக் கையெழுத்து கோணலாகப் போனதை நான் அன்றுதான் கண்டேன்.