தும்மல் வீடியோவும் முதல்வரின் கடிதமும்

பள்ளியின் வீடியோ சேனலில் விளையாட்டுப் போட்டி ஒன்று ஏறியிருந்தது. அதன் கீழே யாரோ ஒருவர், ஓடி ஜெயித்த சிறுமியின் பெயரையும் வகுப்பையும் குறிப்பிட்டு, "நாளைக்கும் இதே மைதானத்துக்கு வருவியா?" என்று கேட்டிருந்தார். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே சிறுமியின் அப்பா பள்ளி முதல்வரின் அறைக்கு வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. கைபேசியை மேஜைமேல் வைத்து, "இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது மேடம். உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

முதல்வர் வீடியோவை அன்றே நீக்கச் சொன்னார். அந்தக் கேள்வியைப் படம்பிடித்து வைத்து, சேனல் நிறுவனத்துக்கும் காவல் நிலையத்துக்கும் புகார் கொடுத்தார். பிறகு பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

சேனலைப் பார்த்துக்கொண்டவர் கம்ப்யூட்டர் ஆசிரியர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் எடிட்டிங்கில் கிடப்பவர். இருவரும் சேர்ந்து விதிகளை எழுதினார்கள். வீடியோவில் மாணவரின் முழுப் பெயர் வராது, வகுப்பும் வராது. கருத்துப் பெட்டி மூடியிருக்கும். நேரலை கிடையாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே பிள்ளையின் முகமும் குரலும் வரும். பதிலே வராவிட்டால் அது 'வேண்டாம்' என்றே கொள்ளப்படும். சம்மதித்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். அப்படி மாறினாலும், முதலிலேயே 'வேண்டாம்' என்றாலும், பழைய வீடியோ ஒரு வாரத்துக்குள் நீக்கப்படும்.

"ஆறாம் வகுப்புக்கு மேல இருக்கிறவங்களுக்கு அவங்களே டிக் பண்ற மாதிரி ஒரு கட்டம் வைக்கலாம் மேடம்," என்றார் ஆசிரியர். "அப்பா அம்மா சரின்னு சொல்லிடுவாங்க. கேமரா முன்னால நிக்கிறது அவங்க இல்லையே."

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?"

"வேண்டாம்னு சொன்னவங்க பேச்சுதான் எடுபடும்."

முதல்வருக்கு அது பிடித்திருந்தது. அந்த வரியைத் தானே டைப் செய்து சேர்த்தார்.

சம்மதப் படிவத்தோடு கடிதம் போனது. படிவங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை ஒரு படிவத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"மேடம், இது... உங்க பொண்ணோடது."

பெற்றோர் கட்டத்தில் 'சம்மதம்'. கையெழுத்து முதல்வருடையது; காலையில் அவசரத்தில் சாப்பாட்டு மேஜையில் போட்டது. மாணவர் கட்டத்தில் 'வேண்டாம்'. டிக் அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

"தெரியாம பண்ணியிருப்பா," என்றார் முதல்வர்.

"ரெண்டு தடவை கேட்டேன் மேடம். தெரிஞ்சுதான் போட்டேன்னு சொன்னா."

சேனலிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ மகளுடையதுதான். மூன்றாம் வகுப்பில் படித்தபோது, "எங்கள் பள்ளிக்கு வாருங்கள்" என்று சொல்லத் தொடங்கி, தும்மி, மறுபடி தொடங்கி, மறுபடி தும்மி, கடைசியில் விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரு சின்ன வீடியோ. அதைப் பார்த்துவிட்டுச் சேர்த்தோம் என்று பல பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். சேனலைத் திறந்தாலே முதலில் ஓடுவது அதுதான். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாள் பத்து நாளில் வரவிருந்தது.

வீட்டுக்குப் போனதும் முதல்வர் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வீட்ல சொன்னா அம்மாகிட்ட சொன்னதா ஆகும். ஸ்கூல்ல குடுத்தா பிரின்சிபல்கிட்ட குடுத்ததா ஆகும்."

சமையலறையில் இருந்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

"அந்த வீடியோல அப்படி என்னடி இருக்கு? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"எனக்குப் பிடிக்கல. என் பேரே 'ஹச்சு'ன்னு ஆயிடுச்சு. நான் கிளாஸ்ல எழுந்து நின்னாலே பின்னால இருந்து ஒருத்தன் தும்முறான். டிபேட்ல பேசப் போனேன், அங்கேயும் தும்முனாங்க. அதுக்கப்புறம் நான் பேர் குடுக்கவே இல்ல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அஞ்சாவது படிக்கும்போதே சொன்னேன். நீ சிரிச்ச."

முதல்வர் யோசித்துப் பார்த்தார். சிரித்தது நினைவில்லை. சிரித்திருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

"சரி. பெற்றோர் வர்ற நாள் முடியட்டும். அடுத்த நாளே எடுத்திடறேன்."

"ஒரு வாரம்னு லெட்டர்ல இருக்கு," என்றாள் மகள். பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் ஆசிரியரைக் கூப்பிட்டார் முதல்வர். முகத்தை மட்டும் மங்கலாக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் தும்மல் சத்தம் அப்படியே இருக்கும், அதைக் கேட்டாலே யாரென்று ஊருக்கே தெரியும் என்றார் அவர். அதே இணைப்பில் வேறு வீடியோவை மாற்றி வைக்கவும் வழியில்லை. எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டியதுதான். இத்தனை வருடம் சேர்ந்த பார்வைகளும் அதோடு போய்விடும்.

பள்ளியின் செயலாளர் காதுக்கு எப்படியோ விஷயம் எட்டியது. ஃபோன் வந்தது.

"என்ன மேடம், நம்ம கடையோட போர்டையே கழட்டப் போறீங்களாமே?"

"மாணவி வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

"மாணவியா? உங்க பொண்ணுதானே. வீட்ல பேசி முடிச்சுக்கோங்க."

அந்த வாக்கியம் முதல்வரை உலுக்கியது. நேற்று அவர் வீட்டில் செய்யப் பார்த்ததும் அதைத்தான். மைதானத்தில் ஓடிய சிறுமியின் அப்பாவிடம் போய், 'பத்து நாள் பொறுங்கள்' என்று சொல்லியிருப்பாரா? நா எழுந்திருக்காது.

"வேற யாரோட பொண்ணா இருந்தாலும் ஒரு வாரத்துல எடுத்தாகணும் சார். இதுக்கும் அதுதான்," என்றார்.

"சேர்க்கை குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியது நீங்க."

"சொல்றேன் சார்."

ஃபோனை வைத்தார். அடுத்த நிமிடமே கம்ப்யூட்டர் ஆசிரியரைக் கூப்பிட்டு, அப்போதே நீக்கச் சொன்னார். அவர் ஒரு தடவை "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார். அத்தனை பேர் பார்த்த வீடியோ போவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

படிவங்கள் முழுவதும் வந்து சேராததால், புதிய வீடியோவில் யாரை வைப்பது என்று ஆசிரியருக்குத் தெரியவில்லை. காலி வகுப்பறைகள், ஆய்வகம், நூலகம் என்று எடுத்து வந்தார். போட்டுப் பார்த்த முதல்வர், "பேய் பங்களா மாதிரி இருக்கே," என்றார். கடைசியில் ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையாக நின்று பேசினார்கள். கணக்கு ஆசிரியர் வசனத்தை மறந்து நாக்கைக் கடித்துக்கொண்டதை, அவரிடம் கேட்டுவிட்டே வைத்தார்கள்.

சேர்க்கை கொஞ்சம் குறைந்தது. வீடியோவாலா, பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த பள்ளியாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீடியோவால்தான் என்று செயலாளர் மட்டும் சொன்னார். சில வாரங்கள் முதல்வரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

மகளுக்கும் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. யாரோ ஒருவன் அந்த வீடியோவை முன்பே இறக்கி வைத்திருந்தான். அது வகுப்புக் குழுவில் ஒரு தடவை வலம் வந்தது. ஆசிரியை அவனையும் அவன் அம்மாவையும் வரச்சொல்லி அழிக்கச் செய்தார். வேறு யார் கையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அன்று மாலை முதல்வர் பெற்றோருக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். சேனலிலிருந்து நீக்கிய பிறகும் பிறர் எடுத்து வைத்த பிரதிகளைப் பள்ளியால் திரும்பப் பெற முடியாது, அதையும் யோசித்துச் சம்மதியுங்கள் என்று அதில் சேர்த்தார். அனுப்பும் முன் மகளிடம் காட்டினார்.

அவள் படித்துவிட்டு, "இது முதல் லெட்டர்லயே இருந்திருக்கணும்," என்றாள்.

"ஆமா," என்றார் அம்மா. "எனக்கு அப்போ தோணல. உன்னைக் கேட்டிருந்தா நீயே சொல்லியிருப்ப."

மகள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டாள். இருவருமாக உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தார்கள்.